பல்லைப் பிடுங்கியும் போகாத வலி

பிரெஞ்சில் 'திக்' என்று ஒரு சின்னச் சொல் உண்டு. அது குதிரை லாயத்திலிருந்து வந்த சொல். சில குதிரைகள் தீனித் தொட்டியின் விளிம்பைக் கடித்துக் கடித்துக் காற்றை விழுங்கும். சில நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். இந்தச் சேட்டைகளுக்கு இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் 'திக்' என்றுதான் சொல்கிறார்கள். பிறகு அது மனிதர்களுக்கும் வந்தது. தன்னை அறியாமல் கண் சிமிட்டுவது, கன்னம் துடிப்பது எல்லாம் திக்.

1756-இல் வெர்சாயில் இருந்த நிக்கொலா ஆந்த்ரே என்ற அறுவை மருத்துவர் ஒரு நூல் வெளியிட்டார். அது பெரும்பாலும் சிறுநீர்ப்பாதை நோய்களைப் பற்றியது. ஆனால் அதே நூலில், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும் ஒரு நோயையும் எழுதி, அதற்குத் 'திக் துலுரே' என்று பெயர் வைத்தார். 'துலுரே' என்றால் வலியுள்ள. வலியோடு வரும் முகத்துடிப்பு என்று பொருள். இரண்டரை நூற்றாண்டாக உலகம் முழுக்க அந்தப் பெயர் வழங்கி வருகிறது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இந்தப் பெயரில் ஒரு பிடிப்பு உண்டு. ஆனாலும் எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. முகம் கோணுவது எதிரே உட்கார்ந்திருக்கும் வைத்தியருக்குத் தெரிவது. நோயாளிக்குத் தெரிவது வலி மட்டும்தான். அது தாங்காமல்தான் முகம் கோணுகிறது. பெயர் பார்த்தவரின் பக்கத்திலிருந்து வைக்கப்பட்டுவிட்டது.

இந்த நோயை நான் பக்கத்திலிருந்து பார்த்தது என் பெரிய அக்காவிடம். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. வலது கன்னம், மூக்கோரத்திலிருந்து மேல் பல்வரிசை வரை. முறுக்கைக் கடித்தபோது முதல் தடவை வந்தது. "பல்லுக்குள்ள கரண்டு கம்பிய வச்ச மாதிரி இருந்துச்சுடா தம்பி" என்றார். நாலைந்து விநாடிதான். போனபின் ஒன்றுமே இல்லை. வலி இருந்த சுவடே இல்லை. மறுபடி வாய் கொப்பளிக்கும்போது வந்தது. பிறகு மஞ்சள் பூசக் கை வைத்தால் வந்தது. மின்விசிறிக் காற்று கன்னத்தில் பட்டாலே வந்தது. அக்கா வலது கன்னத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, இடது கடைவாயால் கஞ்சி குடிக்க ஆரம்பித்தார். இந்த நோய் வந்த ஆண்களைப் பற்றியும் மருத்துவர்கள் சொல்வதுண்டு: ஒரு கன்னம் மழித்திருக்கும், மறு கன்னத்தில் தாடி வளர்ந்திருக்கும்.

பல்லில் வலி என்றால் பல் மருத்துவரிடம்தானே போவோம்? ஒரு பல் மருத்துவர் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறது என்று பிடுங்கினார். ஒரு வாரத்தில் வலி நின்றது. நாலு மாதம் அக்கா நிம்மதியாக இருந்தார். பிறகு அதே இடத்தில் அதே வலி. பக்கத்துப் பல்லும் போயிற்று. இந்தத் தடவை வலி மூன்று நாள்கூட ஒதுங்கவில்லை. மூன்றாவது பல்லுக்கு வேறொரு பல் மருத்துவரிடம் போனோம். வயதானவர். அவர் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. பஞ்சை முறுக்கி மூக்கோரத்தில் மெல்லத் தொட்டார். அக்கா துள்ளி விழுந்தார். "அம்மா, பல்லு மேல குத்தம் இல்ல. நீங்க நரம்பு டாக்டரப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

இந்த நாலு மாத நிம்மதிதான் இந்த நோயின் பெரிய சூழ்ச்சி. அது தானாகவே ஓய்வெடுக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூடத் தலைகாட்டாது. ஓய்வுக்கு முன்னால் என்ன வைத்தியம் செய்தோமோ அதுதான் பலித்தது என்று நம்பிவிடுவோம். பல்லைப் பிடுங்கினால் பல், பேதி கொடுத்தால் பேதி, மந்திரித்தால் மந்திரம்.

பேதி என்று சும்மா சொல்லவில்லை. 1677 டிசம்பரில் பாரிஸில் நடந்த ஒரு விஷயம் கடிதங்களில் பதிவாகியிருக்கிறது. அப்போது அங்கே இங்கிலாந்துத் தூதராக இருந்தவர் ரால்ஃப் மாண்டகு. அவர் மனைவி நார்த்தம்பர்லாந்து சீமாட்டி. ஓர் இரவு அந்த அம்மாளுக்கு முகத்தில் வலி வந்து, வீடே கலங்கும்படி அலறினார். பாரிஸில் தங்கியிருந்த ஓர் ஆங்கில மருத்துவரை அழைத்து வந்தார்கள். அவர் ஜான் லாக். நாம் பள்ளியில் தத்துவ அறிஞர் என்று படித்த அதே லாக்தான். அவர் மருத்துவமும் படித்தவர். தான் கண்டதை அவர் லண்டனில் இருந்த மருத்துவ நண்பர்களுக்கு எழுதினார்.

அந்தக் கடிதத்தில் உள்ள விவரங்களைப் பார்த்தால், இன்றைய மருத்துவர் அதை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். வலி முகத்தின் வலது பக்கம் மட்டும். நெருப்பு பளிச்சென்று பாய்ந்தது போல வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் வாய் வலது காதை நோக்கி இழுபடும். சட்டென்று நிற்கும், நின்றபின் அந்தப் பக்கத்துப் பல்லில் ஒரு மந்தமான வலி மட்டும் மிச்சம். பேச வாயெடுத்தால் வரும், ஈறைத் தொட்டால் வரும், அந்தப் பக்கமாகப் படுத்தாலும் வரும். லாக் வருவதற்கு முன்பே பிரெஞ்சுக்காரர்கள் அந்த அம்மாளுக்கு இரண்டு பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். என் அக்காவுக்கும் இரண்டு பல். நடுவில் முந்நூறு வருடத்துக்கு மேல்.

லாக் மேற்கொண்டு பல்லைத் தொடவில்லை. அக்கால வழக்கப்படி பேதிக்குக் கொடுத்தார். கொஞ்ச நாளில் வலி விட்டது. பேதியால் விட்டதா, அதன் ஓய்வுக் காலம் வந்ததா என்று கேட்டால், நான் ஓய்வுக் காலம் என்றுதான் சொல்வேன்.

ஆந்த்ரேவுக்குப் பிறகு, 1773-இல் லண்டனில் ஜான் ஃபாதர்கில் என்ற மருத்துவர் இதே நோயைத் தன் நோயாளிகளிடம் கண்டு, ஒரு மருத்துவச் சங்கத்தில் கட்டுரை படித்தார். நாற்பது தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு அதிகம் வருகிறது என்று அவர் கண்டது இன்றைக்கும் சரிதான். ஆனால் காரணம் அவருக்கும் பிடிபடவில்லை.

இனி நரம்புக்கு வருவோம். இங்கேதான் பல பேருடைய முகம் வீணாகக் கெட்டது.

முகத்துக்கு இரண்டு பெரிய நரம்புகள். ஒன்று, மண்டைக்குள்ளிருந்து வரும் நரம்புகளில் ஏழாவது. அது முகத் தசைகளை அசைக்கிறது. சிரிப்பதும் கண் மூடுவதும் அதன் வேலை. இன்னொன்று ஐந்தாவது. அது தொடுகை, சூடு, குளிர், வலி ஆகியவற்றை முகத்திலிருந்து மூளைக்குக் கொண்டு போகிறது. மெல்லும் தசைகளையும் அதுவே இயக்குகிறது. அது மூன்றாகப் பிரிந்து ஒரு கிளை நெற்றிக்கும், ஒன்று கன்னத்துக்கும் மேல் தாடைக்கும், ஒன்று கீழ்த் தாடைக்கும் போகிறது. பாரிஸில் இருந்த உடற்கூற்று அறிஞர் வின்ஸ்லோ 1732-இல் இதற்கு 'த்ரிழுமோ' என்று பெயர் வைத்தார். ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பிள்ளைகள் என்று பொருள். ஆங்கில வைத்தியத்தில் 'ட்ரைஜெமினல்' என்று சொல்வதும் அதே கருத்துத்தான். இது நல்ல பெயர். இதில் எனக்குக் குறை இல்லை.

ஏழாவது நரம்புக்கு முக நரம்பு என்றே பெயர் வழங்குவதால், முகத்தில் வலி என்றதும் அதுதான் காரணம் என்று எண்ணுவது எளிது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை இந்த இரண்டின் வேலைப் பிரிவினை யாருக்கும் தெளிவாகத் தெரியாது. ஆகவே வலியை நிறுத்த ஏழாவது நரம்பை வெட்டிய அறுவை மருத்துவர்கள் உண்டு. வலி அப்படியே இருக்கும். முகத்தின் பாதி தொங்கிப்போகும், கண் மூடாது, வாய் கோணிவிடும். 1820-களில் லண்டனில் சார்ல்ஸ் பெல்லும் பாரிஸில் மஜான்தியும் செய்த ஆய்வுகளால்தான், உணர்வுக்கு ஐந்தாவது, அசைவுக்கு ஏழாவது என்று நிலைத்தது. முகவாதத்துக்கு 'பெல் வாதம்' என்று பெயர் வந்தது இந்த பெல்லால்தான். அந்த வாதத்தில் முகம் கோணும், ஆனால் இப்படி வெட்டி இழுக்கும் வலி வராது. திக் துலுரேயில் வலி உயிர் போகும், ஆனால் முகம் செயலிழக்காது. நம் ஊரில் இன்றைக்கும் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள்.

சரியான நரம்பு தெரிந்தபின்பும், அதில் ஏன் மின்சாரம் பாய்கிறது என்பது தெரியவில்லை. இதில் முதல் நல்ல துப்புக் கொடுத்தவர் பாரிஸ் ஒத்தேல்தியே மருத்துவமனையில் பேராசிரியராக இருந்த அர்மான் த்ரூசோ. 1850-களில் அவர் ஒன்றைக் கவனித்தார். வலி திடீரென்று வருகிறது, சில விநாடியில் போகிறது, நடுவில் ஆள் சாதாரணமாக இருக்கிறார். இது காக்காய் வலிப்பு வந்து போகும் மாதிரியே இருக்கிறதே என்று நினைத்து, இதைக் 'காக்காய் வலிப்புப் போன்ற நரம்பு வலி' என்று அழைத்தார். இது காக்காய் வலிப்பு அல்ல. ஆனால் நரம்பு தன் கட்டுப்பாட்டை மீறிச் சரம் சரமாகத் துடிப்பு விடுகிறது என்ற கருத்து அதில் இருந்தது. ஆந்த்ரே வெளியே தெரிந்ததற்குப் பெயர் வைத்தார். த்ரூசோ உள்ளே நடப்பதற்கு வைத்தார்.

அந்தக் கருத்து பலன் தர ஏறக்குறைய தொண்ணூறு வருடம் ஆயிற்று. 1942-இல், யுத்தத்தின் நடுவில், பொர்தோ நகரில் பெர்குய்ஞான் என்ற மருத்துவர், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் மருந்தை இந்த முகவலிக்குக் கொடுத்துப் பார்த்தார். கேட்டது. பிறகு 1962-இல் ஸ்வீடனில் ப்ளோம் என்பவர், புதிதாக வந்திருந்த இன்னொரு வலிப்பு மருந்தைக் கொடுத்தார். அதன் பெயர் கார்பமாசெபின். அது இன்னும் நன்றாகக் கேட்டது. இன்றைக்கும் முதலில் எழுதுவது அதைத்தான்.

அக்காவுக்கும் அதைத்தான் எழுதினார்கள். 100 மில்லிகிராம், காலையும் இரவும். சில நாளுக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். மூன்றாம் நாள் இட்லியைப் பயமில்லாமல் மென்றார். அதுவரை அவர் விழுங்கிய தலைவலி மாத்திரைகளால் ஒரு பலனும் இல்லை. வலி வந்தபின் போட்டுக்கொள்ளும் மாத்திரை இதற்கு உதவாது; மாத்திரை கரைவதற்குள் வலி போய்விட்டிருக்கும். இது நரம்பு வெறித்துக் கிளம்பாமல் அடக்கி வைக்கிற மருந்து. ஆகவே வேளை தவறாமல் சாப்பிட வேண்டும், மருத்துவர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

ஆனால் வயதானவர்கள் கவனமாக இருக்க வேண்டிய மருந்து. சில மாதத்தில் வலி மறுபடி எட்டிப் பார்க்கவே, அளவை ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம் ஆக்கினார்கள். இரண்டு வாரத்தில் அக்கா நடை தள்ளாடியது, பேரன் பெயரையே மாற்றிக் கூப்பிட்டார். வயதாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிட இருந்தார்கள். ரத்தப் பரிசோதனை செய்ததில் சோடியம் 124. குறைந்தது 135 இருக்க வேண்டும். இந்த மருந்து சிலருக்கு ரத்தத்தில் உப்பைக் குறைத்துவிடும் என்று மருத்துவர் விளக்கி, அளவைக் குறைத்து, வேறொரு மருந்தைச் சேர்த்தார். தெளிந்துவிட்டார். இன்னொன்றையும் அவர் முதல் நாளே எச்சரித்திருந்தார்: தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்போ, வாய்க்குள் புண்ணோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே வந்துவிட வேண்டும். அரிதாக அது உயிருக்கே ஆபத்தான தோல் நோயாக மாறும்.

மருந்து நரம்பை அடக்குகிறது, சரி. ஆனால் நரம்பு ஏன் வெறிக்கிறது? இதற்கு விடை கன்னத்தில் இல்லை. காதுக்குப் பின்னால், மண்டைக்குள், ஐந்தாவது நரம்பு மூளைத் தண்டில் சேருமிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் வால்டர் டேண்டி என்ற மூளை அறுவை மருத்துவர், இந்த வலிக்காக அந்த இடத்தைத் திறந்து நரம்பை வெட்டிக்கொண்டிருந்தார். திறக்கும்போதெல்லாம் அடிக்கடி ஒரு காட்சி: சிறுமூளைக்குப் போகும் ஒரு சிறு ரத்தக்குழாய் வளைந்து இந்த நரம்பின் மேல் சாய்ந்து அழுத்திக்கொண்டிருக்கும். 215 பேரிடம் கண்டதைத் தொகுத்து, இதுதான் காரணமாக இருக்கலாம் என்று 1934-இல் எழுதினார். பலர் நம்பவில்லை. அப்போது அறுவை அறையில் நுண்ணோக்கி இல்லை; டேண்டி கண்டதை மற்றவர்கள் எளிதில் காண முடியவில்லை.

அழுத்தினால் என்ன ஆகும் என்பதை நம் வீட்டு ஒயரை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நரம்பு என்பது ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழைக்கும் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. பக்கத்து இழையின் செய்தி இதில் கலக்காமல் காப்பது அது. நரம்பு மூளைத் தண்டில் நுழையும் இடத்தில் இந்த உறை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகிறது. அந்த இடம் இயல்பிலேயே பலவீனமானது. வயதாக ஆக ரத்தக்குழாய்கள் நீண்டு வளைகின்றன. அப்படி வளைந்த குழாய் ஒன்று அங்கே சாய்ந்து, ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் ஒரு இடி இடித்தால், வருடக்கணக்கில் உறை தேய்கிறது. உறை போன இரண்டு ஒயர்கள் உரசினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. தொடுகையைக் கொண்டுபோகும் இழையில் வந்த துடிப்பு, பக்கத்திலிருக்கும் வலி இழைக்குத் தாவுகிறது. வெறும் காற்று பட்டதை மூளை வெட்டுக்குத்தாக எடுத்துக்கொள்கிறது. அந்த இழைகள் பல்லிலிருந்து வருபவை என்றால், பல்தான் வலிக்கிறது என்று மூளை சாதிக்கும். லாக்கின் சீமாட்டியும் என் அக்காவும் பொய் சொல்லவில்லை. செய்தி வரும் வழியில் கோளாறு.

1959-இல் கிளீவ்லாந்தில் கார்ட்னர் என்பவர் நரம்பை வெட்டாமல், குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே பஞ்சு போன்ற ஒன்றை வைத்துப் பார்த்தார். 1960-களின் நடுவில் பீட்டர் ஜானெட்டா என்ற இளம் மருத்துவர் அறுவை நுண்ணோக்கியோடு அதே இடத்தைத் திறந்தார். டேண்டி சொன்ன குழாய் எல்லாருக்கும் தெரியும்படி நின்றது. காதுக்குப் பின்னால் பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எலும்பைத் திறந்து, குழாயை ஒதுக்கி, நடுவில் டெஃப்லான் பஞ்சை வைப்பது அவர் நிலைநாட்டிய முறை. நரம்பு வெட்டப்படுவதில்லை, ஆகவே கன்னம் மரத்துப்போவது குறைவு. அவர் குழுவினர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 1996-இல் வெளியிட்ட கணக்கில், பத்து வருடத்துக்குப் பிறகும் நூற்றுக்கு எழுபது பேர் மருந்தில்லாமல் வலியற்று இருந்தார்கள். மீதிப் பேருக்கு வலி முழுதாகவோ பாதியாகவோ திரும்பியது. மண்டையைத் திறப்பது மண்டையைத் திறப்பதுதான். சிலருக்கு அந்தப் பக்கத்துக் காது கேட்காமல் போகிறது, அரிதாகப் பக்கவாதமும் வருகிறது.

எல்லாருக்கும் குழாய்தான் காரணம் என்பதும் இல்லை. ஒரு நோயும் இல்லாத பலருக்கும் ஸ்கேனில் குழாய் நரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. வலி உள்ள சிலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. சிலருக்கு அங்கே ஒரு கட்டி இருக்கும். நாற்பது வயதுக்குள் வந்தாலோ, இரண்டு பக்கமும் வந்தாலோ, வலியோடு கன்னம் மரத்துப்போனாலோ, நரம்பு உறையைத் தின்னும் வேறு நோய் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அதனால்தான் மருந்து கேட்டாலும் ஒரு தடவை எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுகிறார்கள்.

பல்வலியையும் இதையும் எப்படிப் பிரித்தறிவது என்று அந்த வயதான பல் மருத்துவரிடம் பிறகு ஒரு நாள் கேட்டேன். பல் கெட்டிருந்தால் வலி மணிக்கணக்கில் விண் விண்ணென்று தெறிக்கும், சூடான காப்பிக்கும் குளிர்ந்த தண்ணீருக்கும் கூடும், ராத்திரி தூங்கவிடாது என்றார். இது விநாடிக்கணக்கு, மிஞ்சினால் இரண்டு நிமிடம். பெரும்பாலும் தூக்கத்தில் எழுப்பாது. பல்லைத் தட்டினால் வராமல், உதட்டோரத்திலோ மூக்கோரத்திலோ மயிரிழை பட்டால் வரும். ஒரு தடவை வெட்டியபின் உடனே அதே இடத்தைத் தொட்டால் சில நேரம் வராது என்பதையும் அவரே சொன்னார். தொடர்ந்து துடித்த நரம்பு சற்று நேரம் களைத்துக் கிடக்குமாம். அந்த இடைவெளியில் அவசர அவசரமாக நாலு வாய் சாப்பிட்டுவிடும் நோயாளிகளை அவர் பார்த்திருக்கிறார். அக்காவும் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அக்காவின் எம்.ஆர்.ஐ.யில் வலது பக்கம் குழாய் நரம்பை அழுத்துவது தெரிந்தது. அறுவைக்கு அவர் இதயம் தாங்காது என்றார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கன்னத்தின் வழியாக ஊசி செலுத்தி, நரம்பு முடிச்சில் ஒரு பகுதியைச் சூட்டால் செயலிழக்க வைக்கும் முறை உண்டு. வேரின் மேல் குறிபார்த்துக் கதிரைப் பாய்ச்சும் முறையும் உண்டு. ஊசியில் பலன் அன்றைக்கே தெரியும், ஆனால் கன்னம் கொஞ்சம் மரத்துப்போகும், சில வருடத்தில் வலி திரும்பவும் கூடும். கதிரில் பலன் தெரிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அக்கா இரண்டுக்கும் ஒப்பவில்லை. குறைந்த அளவு மாத்திரையில், நாலு மாதத்துக்கு ஒருமுறை சோடியம் பார்த்துக்கொண்டு, இருக்கிற பற்களோடு இருக்கிறார்.